பசுமைக்குடில் தாளும் வெயிலும்

பசுமைக்குடிலுக்குக் கூரையாகப் போடும் பாலித்தீன் தாள் பெரும்பாலும் 200 மைக்ரான் தடிமன் கொண்டது. அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. சாதாரணத் தாளைக் கூரையில் போட்டால் சில மாத வெயிலிலேயே நைந்து கிழிந்துவிடும். விவசாயிகள் ‘யு.வி. ஷீட்’ என்று கேட்டு வாங்கும் தாளோ 3 ஆண்டுகள் வரை தாங்கும். அடிப்படைப் பிளாஸ்டிக் இரண்டிலும் ஒன்றுதான். எடையில் ஒரு சதவீத அளவில் சேர்க்கப்படும் சில வேதிப்பொருள்களே இந்த வேறுபாட்டை உண்டாக்குகின்றன. இவற்றுக்கு நிலைப்படுத்திகள் என்று பெயர்.

பாலித்தீன் என்பது ஆயிரக்கணக்கான கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்துக்கொண்ட நீண்ட சங்கிலிகளின் தொகுப்பு. தரையை எட்டும் சூரிய ஒளியில் மிகக் குறைந்த அலைநீளம் ஏறத்தாழ 290 நானோமீட்டர். 300 நானோமீட்டர் ஒளியின் ஆற்றல் ஒரு மோலுக்குச் சுமார் 400 கிலோஜூல். இரு கார்பன் அணுக்களை இணைக்கும் பிணைப்பை அறுக்கச் சுமார் 350 கிலோஜூல் போதும். கணக்கைப் பார்த்தால் வெயிலே சங்கிலியை நேராக அறுத்துவிட வேண்டும். ஆனால் ஒளி உறிஞ்சப்பட்டால்தான் அதனால் வேதிவினை நடக்கும். தூய பாலித்தீன் இந்த அலைநீளங்களை உறிஞ்சுவதில்லை; ஒளி அதை ஊடுருவிப் போய்விடுகிறது.

சேதம் தொடங்குவது பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் சிறு குறைகளில்தான். தாளை உருவாக்கும்போது பாலித்தீன் 200 டிகிரி செல்சியஸ் அளவில் உருக்கப்படுகிறது. அந்தச் சூட்டில் சிறிதளவு ஆக்சிஜன் சங்கிலியோடு சேர்ந்து, கார்பனைல், ஹைட்ரோபெராக்சைடு ஆகிய தொகுதிகளை உண்டாக்குகிறது. தயாரிப்பின்போது எஞ்சிய வினையூக்கித் துகள்களும் இருக்கலாம். புற ஊதா ஒளியை இவை உறிஞ்சிக்கொள்கின்றன. ஹைட்ரோபெராக்சைடில் இரண்டு ஆக்சிஜன் அணுக்களை இணைக்கும் பிணைப்பு, கார்பன் பிணைப்பின் பாதி வலிமைதான் கொண்டது. ஆகவே அது எளிதில் அறுந்து, இணை சேராத எலக்ட்ரானைக் கொண்ட தனி உறுப்புகளாகப் பிரிகிறது.

அதன்பின் நடப்பது தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் வினை. தனி உறுப்பு ஒன்று பாலித்தீன் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. ஹைட்ரஜனை இழந்த கார்பன் உடனே காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு பெராக்சி உறுப்பாகிறது. அது பக்கத்துச் சங்கிலியிலிருந்து ஹைட்ரஜனை எடுத்துக்கொண்டு புதிய ஹைட்ரோபெராக்சைடாக மாறுகிறது. இந்தப் புதிய ஹைட்ரோபெராக்சைடும் ஒளியில் உடைந்து இரண்டு தனி உறுப்புகளைத் தருகிறது. இப்படி ஒவ்வொரு சுற்றிலும் தொடக்கப் பொருளே அதிகரிப்பதால், முதலில் நீண்ட காலம் வெளியே எதுவும் தெரியாது. பிறகு கேடு திடீரென விரைவுபடும். வெப்பம் தனியாகவும் ஹைட்ரோபெராக்சைடை உடைக்கும். கூடவே ஹைட்ரஜன் பிடுங்கப்படும் வேகத்தையும் ஆக்சிஜன் உள்ளே பரவும் வேகத்தையும் கூட்டும். ஆகவே ஒரே அளவு வெயில் பட்டாலும் சூடான இடம் முன்னதாக முதுமையடைகிறது.

இந்தச் சுழற்சியில் இடையிடையே சங்கிலிகளும் அறுகின்றன. பாலித்தீனில் படிகமாக அடுக்கிய பகுதிகளும் ஒழுங்கற்ற பகுதிகளும் மாறி மாறி இருக்கும். ஒரு படிகத்திலிருந்து அடுத்த படிகத்துக்கு ஒழுங்கற்ற பகுதியின் வழியே நீளும் சங்கிலிகள்தான் தாளுக்கு இழுபடும் தன்மையைத் தருகின்றன. ஆக்சிஜன் எளிதாக நுழைவதும் அந்த ஒழுங்கற்ற பகுதிக்குள்தான். அங்கே சங்கிலிகள் அறுந்ததும் குட்டையான துண்டுகள் விடுபட்டுப் படிகத்தோடு சேர்ந்துகொள்கின்றன. மேற்பரப்பு சுருங்கி நுண்ணிய விரிசல்கள் தோன்றுகின்றன. புதிய தாளை இழுத்தால் தன் நீளத்தைப் போலச் சில மடங்கு நீண்ட பிறகே அறும். பழைய தாளோ சற்றே இழுத்ததும் முறியும். அறும்வரை நீளும் அளவு பாதியாகக் குறைந்துவிட்டால் தாளின் ஆயுள் முடிந்ததாக ஆய்வகங்கள் கொள்கின்றன. அகச்சிவப்பு நிறமாலையில் 1715 செ.மீ.⁻¹ அருகே கார்பனைல் உச்சி வளர்வது, கண்ணுக்குத் தெரியுமுன்பே முதுமையைக் காட்டிவிடும்.

இதைத் தடுக்கச் சுழற்சியின் வெவ்வேறு கட்டங்களில் குறுக்கிட வேண்டும். உருக்கும்போது ஏற்படும் சேதத்தைப் பீனால், பாஸ்பைட் வகை ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் குறைக்கின்றன. பாஸ்பைட், ஹைட்ரோபெராக்சைடைத் தீங்கற்ற ஆல்கஹாலாக மாற்றிவிடுகிறது. வெயிலில் பென்சோபீனோன், பென்சோட்ரையசோல் போன்ற உறிஞ்சிகள் புற ஊதாவைத் தாமே வாங்கி வெப்பமாக வெளியேற்றுகின்றன. ஆனால் உறிஞ்சி வேலை செய்ய ஒளி சற்று ஆழம் கடந்து வர வேண்டும். தடித்த பொருளின் உட்பகுதியை அது நன்றாகக் காக்கும். மெல்லிய தாளுக்கும் எந்தப் பொருளின் மேற்பரப்புக்கும் அதனால் முழுப் பாதுகாப்பு கிடைக்காது.

மெல்லிய தாளைக் காப்பதில் முக்கியமானது, தொழிலில் ‘ஹால்ஸ்’ எனப்படும் அமீன் வகை நிலைப்படுத்தி. 1970களில் புழக்கத்துக்கு வந்த இது ஒளியை உறிஞ்சுவதில்லை. நைட்ரஜனைச் சுற்றி நான்கு மெத்தில் தொகுதிகள் நெருக்கமாக அமைந்த மூலக்கூறு இது. ஆக்சிஜனேற்றம் தொடங்கும்போது இதன் நைட்ரஜன் நைட்ராக்சில் உறுப்பாக மாறுகிறது. நைட்ராக்சில், சங்கிலியில் தோன்றிய கார்பன் உறுப்பைப் பிடித்துக்கொள்கிறது. அடுத்து ஒரு பெராக்சி உறுப்பைச் செயலிழக்கச் செய்து, தான் மீண்டும் நைட்ராக்சிலாகிறது. ஒரே மூலக்கூறு பலமுறை வேலை செய்வதால் சிறிய அளவே நீண்ட நாள் போதுமானதாகிறது. சிறிய மூலக்கூறுகள் மெல்ல மேற்பரப்புக்கு வந்து வெளியேறிவிடும் என்பதால், தாள்களில் பெரிய மூலக்கூறு கொண்ட ஹால்ஸ் வகைகள் விரும்பப்படுகின்றன.

இந்த ஏற்பாட்டின் பலவீனத்தை ரோஜாப் பசுமைக்குடிலில் காணலாம். சாம்பல் நோயைக் கட்டுப்படுத்தக் கந்தகம் தெளிப்பதும் புகைப்பதும் வழக்கம். தாளில் படியும் கந்தகம் வெயிலில் அமிலமாகிறது. ஹால்ஸ் ஒரு காரம். அமிலத்தோடு சேர்ந்தால் உப்பாகிவிடும். உப்பான அமீனால் நைட்ராக்சிலாக மாற முடியாது. பாதுகாப்புச் சுழற்சி நின்றுவிடும். 3 ஆண்டுத் தாளும் காலத்துக்கு முன்பே முறிய இதுவே காரணம். இத்தகைய குடிலுக்குக் காரத்தன்மை குறைந்த ஹால்ஸ் சேர்த்த தாள்கள் தனியாகக் கிடைக்கின்றன.

கிழிசல் முதலில் தோன்றும் இடமும் கவனிக்கத்தக்கது. அது பெரும்பாலும் தாள் இரும்புக் குழாயின் மேல் படியும் கோட்டில் இருக்கும். நண்பகலில் குழாய் 60 டிகிரிக்கும் மேல் சூடேறுகிறது. கூடவே அங்கே தாள் இழுத்துக் கட்டப்பட்டு மடிந்தும் இருக்கிறது. குழாயின் மேற்புறத்தை வெள்ளையாக்கினால் சூடு குறைந்து, அந்தக் கோடு மற்ற பகுதிகளோடு சேர்ந்தே முதுமையடையும். நடுத்தாள் உறுதியாக இருக்கக் குழாய்க் கோடு மட்டும் முறிந்தால் காரணம் சூடு. கூரை முழுவதும் ஒரே சமயத்தில் நொறுங்கினால் நிலைப்படுத்தி குறைவு அல்லது கந்தகப் பாதிப்பு என்று ஓரளவு ஊகிக்கலாம்.

ஒளி ஊடுருவ வேண்டிய தேவை இல்லாத பொருள்களுக்கு வேறு வழி உண்டு. சொட்டுநீர்க் குழாய்க்கும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கும் 2 முதல் 2.5 சதவீதம் வரை கார்பன் பிளாக் எனப்படும் நுண்கரி சேர்க்கப்படுகிறது. அது ஒளியைப் பரப்பிலேயே நிறுத்துவதோடு தனி உறுப்புகளையும் பிடிக்கிறது. நுண்துகள்கள் கட்டி கட்டாமல் சீராகப் பரவியிருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு முழுமையாகும். கட்டியிருந்தால் இடைவெளியில் ஒளி புகுந்துவிடும். கறுப்புப் பொருள் வெயிலில் அதிகம் சூடேறும் என்பதால், நுண்கரியோடு ஆக்சிஜனேற்றத் தடுப்பானும் சேர்க்கப்படுகிறது.