பள்ளி திறக்கும் முன் ஒரு சீருடைக் கடை அறிவிப்பு

ஜூன் மாதம் பள்ளி திறப்பதை முன்னிட்டு, தமிழ்நாட்டுச் சீருடைக் கடைகள் மே மாதத் தொடக்கத்திலேயே வாசலில் பேனர் கட்டிவிடும். "அளவெடுக்கும் நாட்கள் மே 8 முதல் 15 வரை. 4 செட் எடுத்தால் 10 சதவீதம் தள்ளுபடி. ஷூ, சாக்ஸும் கிடைக்கும்." பெரும்பாலான அறிவிப்புகள் இந்த அளவில் முடிந்துவிடும்.

அளவெடுப்பதற்குத் தனியாக நாள் வைக்கக் காரணம் துணிதான். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு நிறம், ஒரு கட்டம். எந்த அளவில் எத்தனை செட் வேண்டும் என்று தெரிந்தால்தான் கடைக்காரர் துணி எடுத்து, ஒரே அளவுள்ளவற்றைச் சேர்த்து வெட்டித் தையலுக்குக் கொடுக்க முடியும். அந்த நாட்களைத் தவறவிட்டவர்களுக்கு மிஞ்சிய அளவுகளே கிடைக்கும். எனவே அறிவிப்பில் அளவெடுக்கும் தேதியோடு, துணி கைக்கு வரும் தேதியும் இருக்க வேண்டும். அது இல்லாத அறிவிப்பு அரைகுறையானது.

வளரும் பிள்ளை என்பதால் ஒரு அளவு பெரிதாகவே தைக்கச் சொல்வது பெற்றோரின் வழக்கம். இதில் தோள்பட்டைதான் கெடும். தோள் தையல் கைப்பக்கம் இறங்கிவிட்டால், அதைச் சரிசெய்வது சட்டையையே பிரித்துத் தைப்பதற்குச் சமம். தோளைச் சரியான அளவில் வைத்து, பேன்ட்டின் கால் ஓரத்திலும் பாவாடையின் கீழ் ஓரத்திலும் இரண்டு அங்குலம் உள்மடிப்பு விடச் சொல்வதே நல்லது. ஆறு முதல் பத்து வயதுக் குழந்தை ஆண்டுக்குச் சுமார் 5 முதல் 6 சென்டிமீட்டர் உயரும். அடுத்த ஆண்டு மடிப்பைப் பிரித்துவிட்டால் நீளம் போதும்.

ஷூவில் மடிப்பு விட வழியில்லை. அதனால் அதைப் பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரத்தில் வாங்குவது மேல். நடந்து திரிந்த பாதம் மாலையில் சற்றே வீங்கியிருக்கும்; அளவு பார்க்க அதுவே ஏற்ற நேரம். பள்ளிக்குப் போடும் சாக்ஸையே போட்டு, பிள்ளையை நிற்க வைத்து, இரண்டு காலையும் பார்க்க வேண்டும். ஒரு கால் மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பது சகஜம். பெரிய காலுக்கே ஷூ எடுக்க வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். அதற்கு மேல் இருந்தால் குதிகால் கழன்று உராயும், கொப்புளம் வரும்.

இனி தள்ளுபடி. ஒரு செட் 1,000 ரூபாய் என்றால் 4 செட்டுக்கு 4,000. பத்து சதவீதம் போக 3,600. மூன்றே செட் போதும் என்ற வீட்டுக்கு 3,000 ரூபாய்தான் செலவு. தள்ளுபடிக்காக நான்காவதை எடுத்தால் 400 ரூபாய் மிச்சமாகாது, 600 ரூபாய் கூடுதலாகப் போகும். அக்கா, தம்பி இருவருக்கும் சேர்த்து நான்கு செட் தேவைப்படும் வீட்டுக்கே இது லாபம். இரண்டு பிள்ளைகளின் செட்டுகளையும் ஒரே பில்லில் சேர்ப்பார்களா, தையல் கூலிக்கும் ஷூவுக்கும் தள்ளுபடி உண்டா, அளவு சரியில்லாவிட்டால் திருத்தித் தரக் காசு கேட்பார்களா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே விசாரித்து, சொன்னதை ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.