காப்பில் பொறித்த எண்

வெள்ளிக் காப்பின் உட்புறத்தில் 925 என்று சிறிய எழுத்தில் பொறித்திருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். ஆயிரம் பங்கு உலோகத்தில் 925 பங்கு தூய வெள்ளி என்பது அதன் பொருள். மீதி 75 பங்கு பெரும்பாலும் செம்பு. இந்தக் கலவைக்கு ஸ்டெர்லிங் வெள்ளி என்று பெயர். தூய வெள்ளி மிகவும் மென்மையானது. அதில் செய்த காப்பு கையில் மாட்டிக் கழற்றும்போதே வளைந்து நெளிந்துவிடும். செம்பைச் சேர்ப்பது ஏமாற்று வேலை அன்று. நகை உறுதியாக இருக்கவே அது சேர்க்கப்படுகிறது.

அந்த எண்ணைப் பொறித்தவர் யார் என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. இங்கிலாந்தில் 1300ஆம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. வெள்ளிப் பொருளைச் செய்தவரே முத்திரையிட முடியாது. தனியான சோதகர்கள் உலோகத்தைச் சோதித்து, தரம் சரியாக இருந்தால் மட்டுமே சிறுத்தைத் தலை முத்திரையைக் குத்தினார்கள். பின்னர், 1544 முதல், நடக்கும் சிங்கத்தின் உருவமும் சேர்ந்தது. நகையைச் செய்யாத, விற்காத ஒருவர் சோதித்துச் சொன்னார் என்பதே அந்த முத்திரைகளின் மதிப்பு. வெறும் 925 என்ற எண்ணுக்கு அந்த மதிப்பு தானாக வந்துவிடுவதில்லை. எண் பொறிக்கும் இரும்பு அச்சை யாரும் வாங்கலாம். பித்தளையின் மீதும் அதைச் சுத்தியலால் அடிக்கலாம். ஆகவே சோதனைச் சாலையின் குறி இல்லாத 925 விற்பவரின் வாக்குறுதி மட்டுமே. நம்பிக்கையான கடையில் வாங்கினால் அந்த வாக்குறுதிக்கு ரசீது துணை நிற்கும். இரவுச் சந்தையில் வாங்கினால் அதுவும் இருக்காது.

வேறு சில குறிகள் உண்மையையே சொல்லும். ஆனால் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே அது புரியும். இ.பி.என்.எஸ். என்ற ஆங்கில எழுத்துகள் பழைய கரண்டிகளிலும் தட்டுகளிலும் காணப்படும். நிக்கல் சில்வர் என்ற உலோகத்தின் மேல் மின்சாரத்தால் வெள்ளி முலாம் பூசப்பட்டது என்று அது அறிவிக்கிறது. நிக்கல் சில்வர், ஜெர்மன் சில்வர் என்னும் பெயர்களும் ஆளை மயக்கும். செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் கலந்த அந்த உலோகத்தில் வெள்ளி துளியும் இல்லை. நிறம் மட்டும்தான் வெள்ளியைப் போன்றது.

இதை ஓர் எடுத்துக்காட்டுடன் பார்ப்போம். ஒரு வீட்டில் இரண்டு காப்புகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று பாட்டியுடையது. கறுத்துப்போன, கெட்டியான பழைய காப்பு. அதில் எந்த எண்ணும் இல்லை. மற்றொன்று சந்தையில் வாங்கியது. பளபளப்பானது, உள்ளே 925 என்று தெளிவாக இருக்கிறது. பழையதைக் கொடுத்துப் புதிய நகை வாங்க நினைக்கிறார் பாட்டி. முத்திரை இல்லாததால் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் வெள்ளி இருக்கும் என்று கடைக்காரர் சொல்கிறார். எந்தக் காப்பை நம்புவது?

முதலில் கண்ணால் பார்க்கலாம். முலாம் பூசிய நகையில் பூச்சு மிக மெல்லியது. உரசும் இடங்களில்தான் அது முதலில் தேயும். காப்பின் விளிம்பு, இரு முனைகள், கொக்கி, சங்கிலி வளையங்கள் ஒன்றோடொன்று தொடும் இடம் ஆகியவற்றை உருப்பெருக்காடியால் பார்க்க வேண்டும். அங்கே மஞ்சளோ சிவப்போ எட்டிப் பார்த்தால் அடியில் இருப்பது பித்தளை அல்லது செம்பு. கறுத்துப்போவது மட்டும் போலி என்பதற்கு அடையாளம் ஆகாது. காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்களுடன் வெள்ளி சேரும்போது கரிய படலம் உண்டாகிறது. எனவே உண்மையான வெள்ளியும் கறுக்கும். ரோடியம் என்ற உலோகத்தைப் பூசிய உண்மையான வெள்ளி கறுக்காமலும் இருக்கும்.

அடுத்து, பலரும் செய்வது காந்தச் சோதனை. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. காப்பு ஒட்டிக்கொண்டால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று பொருள். (சங்கிலியின் கொக்கியில் மட்டும் ஒட்டினால் பயப்பட வேண்டாம். கொக்கிக்குள் உள்ள சிறிய சுருள்வில் எஃகாக இருக்கலாம்.) ஒட்டாவிட்டால் மட்டும் வெள்ளி என்று முடிவு செய்ய முடியாது. செம்பும் பித்தளையும் காந்தத்தில் ஒட்டுவதில்லை. பனிக்கட்டியை வைத்துப் பார்க்கும் சோதனையிலும் இதே குறை உண்டு. வெள்ளி வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால் பனிக்கட்டி சட்டென்று உருகும். ஆனால் செம்பும் ஏறக்குறைய அதே வேகத்தில் கடத்தும். முலாம் பூசிய செம்புக் காப்பு இந்தச் சோதனையில் எளிதாகத் தேறிவிடும்.

உருப்படியான பதிலைத் தருவது அடர்த்திச் சோதனை. பூச்சு வெளித்தோற்றத்தை மாற்றும். காப்பு முழுவதன் கனத்தை மாற்ற அதனால் இயலாது. ஒரு கன சென்டிமீட்டர் தூய வெள்ளியின் எடை 10.49 கிராம். ஸ்டெர்லிங் வெள்ளி ஏறக்குறைய 10.36 கிராம். செம்பு 8.96 கிராம். பித்தளையும் நிக்கல் சில்வரும் அதைவிடக் குறைவு, பெரும்பாலும் 8.4 முதல் 8.7 வரை இருக்கும்.

இதற்குத் தேவையானவை ஒரு மின்னணுத் தராசு, ஒரு குவளை நீர், மெல்லிய நூல். தராசு 0.01 கிராம் வரை காட்ட வேண்டும். முதலில் காப்பை உலர்ந்த நிலையில் நிறுக்க வேண்டும். பிறகு நீர் உள்ள குவளையைத் தராசின் மேல் வைத்து, அதன் எண்ணைப் பூச்சியமாக்க வேண்டும். காப்பை நூலில் கட்டி, நீரில் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். காப்பு குவளையின் அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. தொட்டால் காப்பின் எடையும் சேர்ந்துவிடும். இப்போது தராசு காட்டும் கிராம் எண்ணிக்கை, காப்பு இடம்பெயர்த்த நீரின் எடை. ஒரு கிராம் நீர் ஏறக்குறைய ஒரு கன சென்டிமீட்டர் என்பதால், காப்பின் கன அளவும் அதுவே. உலர்ந்த எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும். நூலைக் கையில் பிடிப்பதைவிட ஒரு கம்பியில் கட்டுவது நல்லது. கை நடுங்கினால் தராசின் எண்ணும் நடுங்கும்.

சந்தைக் காப்பின் எடை 46.10 கிராம் என்றும், நீரில் மூழ்கியபோது தராசு 5.36 காட்டியது என்றும் வைத்துக்கொள்வோம். வகுத்தால் 8.60 வருகிறது. ஸ்டெர்லிங்கின் 10.36க்கு அருகில்கூட இல்லை. பித்தளை அல்லது நிக்கல் சில்வரின் எல்லைக்குள் அது கச்சிதமாக அடங்குகிறது. பாட்டியின் காப்பு 52.30 கிராம். நீரில் காட்டிய எண் 5.07. வகுத்தால் 10.32. எண் பொறிக்காத காப்புதான் வெள்ளியின் பக்கம் நிற்கிறது. அதில் பாதி வெள்ளி, பாதி செம்பு என்றால் விடை 9.7க்கு அருகில் வந்திருக்க வேண்டும்.

இது வியப்பன்று. அக்காலத்தில் வெள்ளி நாணயங்களை உருக்கி நகை செய்வது வழக்கம். பிரிட்டிஷ் இந்தியாவின் பழைய ரூபாயில் 91.7 விழுக்காடு வெள்ளி இருந்தது. 1903இல் வெளிவந்த நீரிணைக் குடியேற்ற டாலரில் 90 விழுக்காடு இருந்தது. அத்தகைய நாணயங்களிலிருந்து பிறந்த காப்பில் 925 என்ற எண் இருக்காது. நல்ல வெள்ளி இருக்கும்.

ஆனாலும் இந்தச் சோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடாது. பாட்டியின் காப்பில் இருப்பது 90 விழுக்காடா, 92.5 விழுக்காடா என்று இதைக் கொண்டு அறிய முடியாது. இரண்டின் அடர்த்திக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. நம் நாட்டு வெப்பத்தில் நீர் சற்று இலேசாக இருப்பதே விடையைச் சிறிது கூட்டிக் காட்டப் போதும். மூன்று கிராம் மோதிரமாக இருந்தால் தராசின் கடைசி இலக்கம் ஒன்று மாறினாலே விடை 10.3இலிருந்து 10.0க்குத் தாவிவிடும். உள்ளே வெற்றிடம் உள்ள காப்பு, கல் பதித்த மோதிரம், மணிகள் கோத்த கொலுசு ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. உள்ளே சிக்கிய காற்றும் இலேசான கற்களும் அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். நல்ல வெள்ளியும் போலி போலத் தோன்றும். இதற்கு நேர்மாறான ஆபத்து ஈயம். அதன் அடர்த்தி 11.34. செம்பையும் ஈயத்தையும் தக்க அளவில் சேர்த்தால் வெள்ளியின் எண்ணையே கொண்டுவந்துவிடலாம்.

அந்த ஐயத்தைத் தீர்க்க நகைக்கடையின் உதவி வேண்டும். சில கடைகளில் எக்ஸ் கதிர்க் கருவி உண்டு. நகையைச் சேதப்படுத்தாமல், எந்த உலோகம் எத்தனை விழுக்காடு என்று அது சிறிது நேரத்தில் காட்டிவிடும். ஆனால் அதன் கதிர் மேற்பரப்பைத் தாண்டி ஆழமாகப் போவதில்லை. தடித்த முலாம் இருந்தால் அதையும் ஏமாற்றலாம். அதனால் அனுபவமுள்ள பொற்கொல்லர், மறைவான ஓர் இடத்தில் அரத்தால் சிறிது தேய்த்துவிட்டு உள் உலோகத்தைச் சோதிப்பார். அமிலத் துளியை விடுவதும் உண்டு. அச்சோதனைக்குரிய கரைசல் நல்ல வெள்ளியின் மேல் இரத்தச் சிவப்பாக மாறும். அது தோலைப் புண்ணாக்கும் நைட்ரிக் அமிலம் சேர்ந்தது. வீட்டில் கையாளக் கூடாது.

பாட்டியின் காப்பைத் தேய்த்த இடத்தில் கருவி 90 விழுக்காடு காட்டினால் கணக்கு எளிது. 52.30 கிராமில் தூய வெள்ளி 47.07 கிராம். முத்திரை இல்லை என்பதற்காகக் கடைக்காரர் அதை 60 விழுக்காடு என்று மதிப்பிட்டிருந்தால் 31.38 கிராமுக்கு மட்டுமே விலை கிடைத்திருக்கும். 15 கிராமுக்கும் மேற்பட்ட வெள்ளி கணக்கில் வராமலேயே போயிருக்கும். சந்தைக் காப்போ தன் 925இன்படி 42.64 கிராம் வெள்ளியைத் தர வேண்டும். அரம் பட்ட இடத்தில் மஞ்சள் நிறம் தெரிந்த பிறகு அதை எந்தக் கடையும் வெள்ளியாக எடுத்துக்கொள்ளாது.