குற்றம் சாட்டாத நிகழ்வு ஆய்வறிக்கை

இணையச் சேவை ஒன்று முடங்கி மீண்ட பிறகு, என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி என்ன மாற்றப்படும், அதற்கு யார் பொறுப்பு என்ற நான்கையும் பதிவுசெய்யும் ஆவணம் நிகழ்வு ஆய்வறிக்கை எனப்படும். தவறு செய்த ஊழியரைத் தேடாமல், அந்தத் தவறு பெருஞ்சேதமாக மாற இடம்கொடுத்த அமைப்பைத் தேடினால் அது குற்றம் சாட்டாத ஆய்வறிக்கை ஆகும். தண்டனைக்கு அஞ்சும் ஊழியர் நடந்ததை முழுமையாகச் சொல்லமாட்டார் என்பதே இம்முறையின் அடிப்படை. எட்சி நிறுவனத்தின் ஜான் ஆல்ஸ்பா 2012இல் எழுதிய கட்டுரைக்குப் பின் மென்பொருள் துறையில் இது பரவியது.

## கிட்லேப் நிகழ்வு: காலவரிசை

மென்பொருள் மூலநிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் தளம் 2017 சனவரி 31 அன்று முடங்கியது. அந்நிறுவனம் பிப்ரவரி 10 அன்று வெளியிட்ட அறிக்கை, இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. கீழுள்ள நேரங்கள் இந்திய நேரப்படி ஏறத்தாழத் தரப்பட்டுள்ளன.

- சனவரி 31, இரவு 10:50: சோதனை ஒன்றுக்காகப் பொறியாளர் ஒருவர் தரவுத்தளத்தின் நகல் எடுத்தார்.
- பிப்ரவரி 1, அதிகாலை 12:30: தரவுத்தளத்தின் சுமை திடீரென உயர்ந்தது.
- 4:30: முதன்மைத் தரவுத்தளத்தைத் தொடர்ந்து படியெடுக்கும் துணைத் தரவுத்தளம் பின்தங்கி நின்றது.
- 5:00: துணை வழங்கியின் தரவுக் கோப்புறையை அழிப்பதாக எண்ணிய பொறியாளர், முதன்மை வழங்கியில் இருந்ததை அழித்தார். ஓரிரு நொடிகளில் கட்டளையை நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மட்டுமே எஞ்சியது.
- இரவு 11:45: முந்தைய இரவு எடுத்த நகலிலிருந்து மீட்கப்பட்டு, தளம் மீண்டும் இயங்கியது.

மூலநிரல்கள் பிழைத்தன. ஆனால் நகல் எடுத்ததற்கும் அழிப்புக்கும் இடையில் பதிவான சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 பயனர் கணக்குகள் மீளவில்லை.

காலவரிசையில் தீர்ப்பு இடம்பெறாது. 'கவனமின்றி அழித்தார்' என்று எழுதினால், அந்த நேரத்தில் அவர் கண்முன் இருந்தது என்ன என்ற கேள்வி மறைந்துவிடும். படியெடுக்கும் `pg_basebackup` கட்டளை எந்தச் செய்தியும் காட்டாமல் காத்திருந்தது. பழைய கோப்புகளே தடை என்று அவர் கருதியது அதனால்தான்.

## காரணங்கள்

அழிப்பு ஒரு கேள்வி. மீட்க ஏன் அவ்வளவு நேரம் பிடித்தது, காப்பு நகல்கள் எங்கே போயின என்பது அதைவிடப் பெரிய கேள்வி. கிட்லேப் அறிக்கை 'ஏன்' என்று மீண்டும் மீண்டும் கேட்டுக் கீழே இறங்குகிறது.

நாள்தோறும் காப்பு நகல் எடுக்கவேண்டிய `pg_dump` தோற்றுக்கொண்டிருந்தது. ஏன்? தரவுத்தளம் 9.6 பதிப்பு, அதைப் படியெடுத்த நிரலோ 9.2 பதிப்பு. தோல்வி ஏன் தெரியவில்லை? எச்சரிக்கை மின்னஞ்சல்கள் முறையான ஒப்பமின்றிச் சென்றதால், பெறும் பக்கம் அவற்றை நிராகரித்தது. காப்பு நகலை மீட்டுப் பார்க்கும் சோதனை ஏன் நடக்கவில்லை? அந்த வேலை எவர் பொறுப்பிலும் இல்லை.

கேள்வி இங்கே வந்து நின்றதே இந்த அறிக்கையின் பயன். பொறியாளரைப் பணிநீக்கியிருந்தாலும் காப்பு நகல் இருக்கவேண்டிய இடம் வெறுமையாகவே இருந்திருக்கும்.

## திருத்தங்களும் பொறுப்பாளரும்

குற்றம் சாட்டாமை என்பது பொறுப்பின்மை அன்று. நடந்து முடிந்ததற்கு எவர் பெயரும் குறிக்கப்படுவதில்லை, இனி நடக்கவேண்டிய ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பெயர் குறிக்கப்படுகிறது. எந்த வழங்கியில் இருக்கிறோம் என்பதைத் திரையே தெளிவாகக் காட்டுதல், மணிக்கொரு நகல், காப்பு நகல்களைக் கண்காணித்தல், மீட்பைத் தானாகச் சோதித்தல் ஆகியவை கிட்லேப் பட்டியலில் இருந்தன. தரவுப் பாதுகாப்புக்கு ஒரு பொறுப்பாளரை நியமிப்பதும் ஒரு திருத்தமாகவே சேர்க்கப்பட்டது.

மன்னார்குடியில் உரக்கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் வழங்கும் மூவர் குழு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அவர்களின் அறிக்கையில் 'காப்பு நகலில் இனி கவனம் தேவை. பொறுப்பு: குழு' என்ற வரி பயன்படாது. மூவரும் மற்றவர் பார்ப்பார் என்று இருந்துவிடுவார்கள். 'ஒவ்வொரு திங்களும் காப்பு நகலை வேறு கணினியில் மீட்டு, கடைசிப் பற்றுச்சீட்டு எண் சரியா என்று பார்த்தல்' என எழுதி, மூவரில் ஒருவர் பெயரையும் தொடங்கும் தேதியையும் குறிக்கவேண்டும். செய்தாரா இல்லையா என்று பிறர் சரிபார்க்க முடிகிற வரியே திருத்தம்.

## குறைபட்ட அறிக்கையின் அடையாளங்கள்

'மனிதத் தவறு' என்ற இடத்தில் காரணத் தேடல் நின்றிருந்தால் ஆய்வு பாதியில் நின்றுவிட்டது என்று பொருள். பெயரை நீக்கி, 'இரவுப் பணியாளர்' என்று எழுதுவதும் போதாது. சிறு அலுவலகத்தில் அது யார் என எல்லாருக்கும் தெரியும். திருத்தங்கள் முடியாமலேயே அறிக்கை மூடப்படுவது மற்றொரு குறை. அடுத்த முடக்கத்தின் அறிக்கையில் பழைய திருத்தமே மீண்டும் எழுதப்படும்போது இது வெளிப்படும்.