கடைசி நாள் கேள்விகள் – 7: சம்பளம் என்றொரு சாக்கு

வேலையை விட்டுப் போகிறவரிடம் படிவத்தை நீட்டுவது அவருடைய நேரடி மேனேஜராக இருக்கக் கூடாது என்று போன வாரம் முடித்தோம். இந்த வாரம் சம்பளக் கேள்விகள் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு பழைய ஆய்வு கையில் சிக்கிக்கொண்டது.

சரண்டோனா, கமூசோ என்ற இருவர் 1985-ல் வெளியிட்டது. கிளம்பும்போது காரணம் கேட்டதற்கு 38 சதவீதம் பேர் சம்பளம், சலுகைகள் என்றார்கள். மேலதிகாரியைச் சொன்னவர்கள் வெறும் 4 சதவீதம். பதினெட்டு மாதம் கழித்துத் திரும்பக் கேட்டபோது சம்பளம் 12-க்கு இறங்கியிருக்கிறது, மேலதிகாரி 24-க்கு ஏறியிருக்கிறார். ஆறு மடங்கு! புது மேனேஜர் தங்கமாக அமைந்தால் பழையவர் கூடுதலாகக் கசப்பார், உண்மைதான். ஆனாலும் இவ்வளவு ஏற்றத்தை அது ஒன்றே விளக்காது. கடைசி நாளில் ரிலீவிங் லெட்டர் மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறதே!

ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எச்.ஆர். பார்க்கும் நண்பர் சொன்னது. படிவத்தில் ‘பெட்டர் ப்ராஸ்பெக்ட்ஸ்’ என்று எழுதிக் கொடுத்த பையன், லெட்டரை வாங்கி, முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துப் பைக்குள் வைத்தான். பிறகு வாசல் டீக்கடையில்தான் வாயைத் திறந்தானாம்: “அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து சார். லீவு இல்லைன்னு வாட்ஸ்அப் குரூப்ல எல்லார் முன்னாடியும் போட்டாரு.”

ஆகவே லெட்டரும் ஃபைனல் செட்டில்மென்ட்டும் முதலில் கைக்குப் போகட்டும். மூன்று மாதம் கழித்து, சொந்த மின்னஞ்சலுக்கு நாலே கேள்விகள் அனுப்புங்கள். பாதிப் பேர் பதில் போடாமல் போகலாம். வருகிற பதில்களுக்கு மதிப்பு அதிகம்.

‘ஏன் போனீர்கள்?’ என்று கேட்டால் ‘சம்பளம்’ என்று தயாராக வந்து விழும். ‘வேறு வேலை தேடலாம் என்று முதலில் தோன்றியது எந்த மாதம்? அந்த வாரம் என்ன நடந்தது?’ என்று கேளுங்கள், காதுகுத்து வெளியே வரும். மேனேஜருக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்பதும் வீண். நல்ல மனசுக்காரர்கள் நாலு போட்டுவிடுவார்கள். ‘கடைசி மூன்று மாதத்தில் எத்தனை முறை விடுப்பு கேட்டீர்கள், எத்தனை முறை மறுத்தார்கள், காரணம் சொன்னார்களா?’ என்று கேட்டால் விடுப்புப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

‘பெயர் வெளியே தெரியாது’ என்று மட்டும் எழுதாதீர்கள். ஐந்து பேர் டீமில் ஒருவர் போனால் யார் சொன்னது என்று ப்யூனுக்கும் தெரியும். பதிலை என்ன செய்வோம் என்று எழுதுங்கள்: ஒரு மேனேஜரைப் பற்றி ஐந்து பேராவது சொன்ன பிறகே தொகுத்துக் காட்டுவோம், பாலியல் தொல்லை, பாதுகாப்புக் குறைபாடு என்றால் மட்டும் உடனே நடவடிக்கைக்குப் போகும்.

சம்பளத்துக்கு இந்த வாரம் ஒரு கேள்விக்குத்தான் இடம்: ‘புது இடத்துச் சம்பளத்தை இங்கேயே தந்திருந்தால் இருந்திருப்பீர்களா? இல்லையென்றால், வேறு எது மாறியிருக்க வேண்டும்?’ இதை நோட்டீஸ் பீரியடில் கேட்டால் பேரம் பேசுவதாக நினைப்பார்கள். பக்கத்து இருக்கைக்காரரின் சம்பளம் தெரிந்துபோய்க் கிளம்பியவர்களை அடுத்த வாரம் பார்ப்போம்.