முப்பது இடங்களுக்குள் தீபாவளி

கூகுள் தேடலில் வரும் விளம்பரத்தின் ஒவ்வொரு தலைப்புக்கும் 30 இடங்கள்தான். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தீபாவளித் தள்ளுபடியைத் தமிழில் எழுத உட்கார்ந்தால், அந்த 30 நினைத்ததைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும். 'தீ' நமக்கு ஓரெழுத்து. கணினிக்கோ 'த' ஒன்று, அதன் மேல் வரும் குறி ஒன்று, ஆக இரண்டு. மெய்யெழுத்தின் புள்ளிக்கும் தனி இடம் உண்டு. அதனால் நாம் நான்கெழுத்தாக எண்ணும் 'தீபாவளி' அங்கே 7 இடம் பிடிக்கிறது.

'தீபாவளி சிறப்புத் தள்ளுபடி விற்பனை' என்று எழுதிப் பாருங்கள். இடைவெளிகளோடு நம் கணக்கில் 21, கூகுள் கணக்கில் 34. ஏற்காது. இதில் 'சிறப்பு', 'விற்பனை' இரண்டும் எதையும் சொல்லவில்லை. அவற்றை எடுத்துவிட்டு 'தீபாவளிப் பட்டு: 20% தள்ளுபடி' என்றால் 29. பொருளும் வந்தது, சலுகையும் வந்தது. இடம் மிச்சமாகும் என்று ஒற்றை விட்டுவிடத் தோன்றும். ஒரு ஒற்றுக்கு 2 இடம் போகிறதே! ஆனாலும் பிழையாக எழுதுவதைவிட ஒரு சொல்லைக் குறைப்பதே மேல்.

இதே தலைப்பை எல்லா விளம்பரக் குழுவுக்கும் ஒட்டுவது பணத்தை வீணாக்கும் வேலை. ஒரே மாதிரித் தேடல்களைத் திரட்டி வைப்பதுதான் விளம்பரக் குழு. பட்டுச் சேலை விலையைத் தேடுபவருக்கு விலையே பதில்: 'காஞ்சிப் பட்டு ₹8,000 முதல்' (27). பிள்ளைகளுக்குத் துணி தேடும் தாய்க்கு 'குழந்தைகளுக்குத் தீபாவளி உடை' (28). மாப்பிள்ளைக்கு எடுக்கும் மாமனாருக்கு 'தலைத்தீபாவளி வேட்டி சட்டை' (25). கடையின் பெயரையே தட்டித் தேடுபவருக்குக் கடையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சலுகை என்றைக்கு முடிகிறது என்று சொன்னால் போதும்.

பெரிய தவறு நடப்பது வேறோர் இடத்தில். ஒரு விளம்பரத்துக்கு 15 தலைப்புகள் வரை கொடுக்கலாம். அவற்றில் அதிகபட்சம் மூன்றைக் கூகுள் தானே தேர்ந்து, வரிசை மாற்றிக் காட்டும். '₹5,000-க்கு மேல் வாங்கினால்' என ஒரு தலைப்பும் 'வேட்டி இலவசம்' என இன்னொன்றும் எழுதியிருந்தால், சில நேரம் இரண்டாவது மட்டும் தெரியும். வருகிறவர்களெல்லாம் இலவச வேட்டி கேட்பார்கள். கேட்பது அவர்கள் உரிமை, விளம்பரம் அப்படித்தான் சொன்னது. இரண்டையும் சேர்த்து '₹5,000 வாங்கினால் வேட்டி இலவசம்' என்றால் 31, ஓர் இடம் மிஞ்சுகிறது. '₹5,000 துணிக்கு வேட்டி இலவசம்' என்றால் 29, அடங்கிவிடும். குறிப்பிட்ட தலைப்பை முதலிடத்தில் நிறுத்தி வைக்கும் வசதியும் உண்டு. ஆனால் அதைக் கூட்டக் கூட்ட, கூகுள் மாற்றிப் பார்க்கும் வாய்ப்பு குறையும். எனவே தலைப்பு ஒவ்வொன்றும் தனியே நின்றாலும் பொய்யாகாதபடி எழுதுவதே பாதுகாப்பு.

தலைப்பில் ஆச்சரியக்குறி போட்டால் கூகுள் மறுத்துவிடும். முடிந்துபோன சலுகையைத் தொடர்ந்து விளம்பரம் செய்வதும் அதன் விதிப்படி தவறு. ஆகவே விளம்பரத்தைத் தொடங்கும்போதே முடிவுத் தேதியையும் குறித்துவிடுங்கள்.