சொட்ட வேண்டிய பம்ப்பும் சொட்டக் கூடாத பம்ப்பும்

காவிரிக் கரையில் ஒரு குடிநீர்த் திட்டத்தின் பம்ப் ஹவுஸ். ஆற்றுத் தண்ணீரை எடுத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ளுகிற பம்ப்புகள் அங்கே வரிசையாக ஓடுகின்றன. மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று முந்தின நாளே தரையைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். மூன்றாம் நம்பர் பம்ப்பின் அடியில் மட்டும் ஈரம். ஷாஃப்ட் வெளியே வருகிற இடத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஆபரேட்டர் ஸ்பேனரை எடுத்து இரண்டு நட்டையும் இறுக்கினார். சொட்டு நின்றது, தரை காய்ந்தது. அன்று இரவு அந்த இடத்தில் கருகல் வாடை. காலையில் தண்ணீர் விசிறியடித்தது.

"சார், நேத்து ராத்திரி ஒரு சொட்டுகூட இல்ல. இன்னிக்குப் பாருங்க, பைப்பு ஒடைஞ்ச மாதிரி அடிக்குது" என்றார் ஆபரேட்டர். அந்த ஒரு சொட்டுகூட இல்லாததுதான் காரணம் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

பம்ப்புக்குள் தண்ணீரைச் சுழற்றித் தள்ளுவது இம்பெல்லர். அதைச் சுற்றுவது வெளியே இருக்கும் மோட்டார். இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட், பம்ப்பின் உடம்பில் ஒரு துளை வழியாகத்தான் உள்ளே போக முடியும். சுற்றுகிற ஷாஃப்டுக்கும் சுற்றாத துளைக்கும் நடுவில் இடைவெளி இருந்தே தீரும். அதை அடைக்க இரண்டு வழி உண்டு.

பழைய வழி கிளாண்ட் பேக்கிங். சதுரமாகப் பின்னிய கயிறு அது. நூல், கிராஃபைட், டெஃப்ளான் என்று வேலைக்கு ஏற்ற ரகங்கள் கிடைக்கும். ஷாஃப்டைச் சுற்றியுள்ள குழிக்கு ஸ்டஃபிங் பாக்ஸ் என்று பெயர். அதற்குள் இந்தக் கயிற்றை வளையம் வளையமாக வைத்து, கிளாண்ட் என்கிற மூடியை இரண்டு நட்டால் அழுத்துவார்கள். அழுத்தினால் கயிறு பக்கவாட்டில் விரிந்து ஷாஃப்டைக் கவ்வும். ஷாஃப்டோ நிமிடத்துக்கு 1,450 சுற்று சுற்றுகிறது. கவ்வுகிற கயிறு கருகாமல் இருக்க வேண்டுமானால், நடுவில் தண்ணீர் ஒரு மெல்லிய படலமாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் வெளியே வந்து விழுவதுதான் சொட்டு. நிமிடத்துக்கு 40 முதல் 60 சொட்டு விழுந்தால் அந்த கிளாண்ட் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 60 சொட்டு என்றாலும் ஒரு நாளைக்கு நாலு லிட்டர் சொச்சம்தான். சின்ன வாய்க்கால் வெட்டி வடியவிட்டால் தரையும் நனையாது.

மூன்றாம் நம்பரில் படலம் போய்விட்டது. உள் கயிறு கரியாகி, கல் மாதிரி இறுகியிருந்தது. பழைய கயிற்றைக் கொக்கியால் இழுத்து எடுத்துவிட்டுப் புதுக் கயிறு போட்டிருந்தார்கள். ஆனாலும் ஒழுக்கு குறையவில்லை. இன்னும் இறுக்கலாமா என்று கேட்டார்கள். எங்கே ஒழுகுகிறது என்று முதலில் பார்ப்போம் என்றேன். துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கயிற்றுக்கு வெளிப்புறம், பாக்ஸின் சுவரை ஒட்டித் தண்ணீர் வந்தால் கயிற்றின் அளவு தவறு, அல்லது பாக்ஸின் சுவர் அரித்திருக்கிறது என்று பொருள். இங்கே ஷாஃப்டை ஒட்டியே வந்தது. ஷாஃப்டின் மேல் தேய்மானத்துக்காகவே போடுகிற ஒரு குழல் உண்டு, ஸ்லீவ் என்பார்கள். பம்ப்பை நிறுத்திவிட்டு அதன்மேல் விரல் நகத்தை நீளவாக்கில் ஓட்டினேன். நகம் மாட்டியது, அடுத்த வரியிலும் மாட்டியது. நகம் மாட்டுகிற ஸ்லீவின் மேல் எவ்வளவு நல்ல கயிறு போட்டாலும் சில நாளில் அரைபட்டுவிடும். ஸ்லீவை மாற்றுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன்.

அவர்கள் ஸ்லீவை மாற்றினார்கள். கூடவே கயிறே வேண்டாம் என்று முடிவெடுத்து மெக்கானிக்கல் சீல் போட்டுவிட்டார்கள்.

மெக்கானிக்கல் சீல் முற்றிலும் வேறு விதமான ஏற்பாடு. இரண்டு வளையங்கள். ஒன்று ஷாஃப்டோடு சுற்றும், மற்றது உடம்போடு நிற்கும். பெரும்பாலும் ஒன்று கார்பன், மற்றது செராமிக் அல்லது சிலிக்கான் கார்பைடு. இரண்டின் முகத்தையும் கண்ணாடி போல் தேய்த்துச் சமமாக்கி, ஸ்பிரிங்கால் ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தியிருப்பார்கள். இதற்கும் உயவு தண்ணீர்ப் படலம்தான். ஆனால் அதன் கனம் ஏறத்தாழ ஒரு மைக்ரான். தலைமுடி ஒன்றை எழுபது கூறு போட்டால் ஒரு கூறு வருமே, அந்த அளவு. அதனால்தான் கண்ணுக்குச் சொட்டு தெரிவதில்லை. அதே காரணத்தால்தான் அது முகம் சுளிக்கிற விஷயங்களும் அதிகம்: மணல், ஆட்டம், வறட்சி.

போட்ட சீல் பத்தொன்பதே நாளில் போனது. மறுபடியும் கூப்பிட்டார்கள்.

"அண்ணே, ஓடும்போது ஒழுகுதா, நின்னிருக்கும்போதா?" என்று ஆபரேட்டரைக் கேட்டேன். "ஓடும்போதுதான் சார் பீச்சுது. நிறுத்தினா லேசா ஊறுது, அவ்வளவுதான்."

சீலில் இந்தக் கேள்விக்கான பதில் பாதி வேலையை முடித்துவிடும். ஓடினாலும் நின்றாலும் ஒரே அளவு ஒழுகினால் ரப்பர் ஓ-ரிங்கையும், சீலைப் பிடிக்கும் தகட்டின் கேஸ்கட்டையும் முதலில் சந்தேகப்படலாம். வளையத்தில் விரிசல் இருந்தாலும் அப்படி ஒழுகும். ஓடும்போது மட்டும் அதிகம் என்றால், சுற்றும்போது ஏதோ ஒன்று இரண்டு முகங்களையும் பிரிக்கிறது. புது சீல் போட்டுத் தொடங்கியதும் கொஞ்சம் ஊறி, சிறிது நேரத்தில் நின்றுவிட்டால் கவலை இல்லை, முகங்கள் ஒன்றுக்கொன்று படிகின்றன. கீச்சென்று சத்தம் வந்தாலோ, சீலுக்கு வெளியே கறுப்புப் பொடி சேர்ந்தாலோ கார்பன் முகம் வறண்டு ஓடுகிறது.

சீலைக் கழற்றி மேசையில் வைத்தோம். செராமிக் முகத்தின்மேல் கார்பன் ஓடிய தடம் ஒரு வட்டப் பட்டையாகத் தெரிந்தது. அந்தப் பட்டை கார்பனின் அகலமே இருக்க வேண்டும். இங்கே அதைவிட அகலம். ஷாஃப்ட் தன் மையத்தில் நிற்காமல் அலைந்து ஓடியிருக்கிறது என்று அந்தப் பட்டையே சொல்லிவிட்டது. பட்டைக்குள் வட்டவட்டமாக ஆழமான கீறல்களும் இருந்தன. அவை மணலின் வேலை. முகங்கள் சரியாக ஒட்டியிருந்தால் ஆற்று மணல் அவ்வளவு சுலபமாக உள்ளே போகாது, நுண்மணல்கூட அந்த இடைவெளியைவிடப் பல மடங்கு பெரியது. ஷாஃப்ட் ஆடும் ஒவ்வொரு முறையும் கதவு திறந்தது, மணல் நுழைந்தது.

அடுத்து டயல் கேஜ். ஸ்லீவின்மேல் முள்ளை வைத்து ஷாஃப்டைக் கையால் மெதுவாகச் சுற்றினோம். 0.03 மில்லிமீட்டர்தான் அசைந்தது. ஷாஃப்ட் வளையவில்லை. பிறகு சுற்றாமல், ஒரு கட்டையைக் கொடுத்து ஷாஃப்டை மேல்நோக்கி நெம்பினோம். முள் 0.20-க்குப் போனது. சீல் போடுகிற பம்ப்பில் இந்த இரண்டு அளவுமே 0.05-ஐ ஒட்டி இருந்தால்தான் நிம்மதி. சுற்றும்போது ஆடினால் ஷாஃப்டில் கோளாறு, நெம்பும்போது ஆடினால் பேரிங்கில் கோளாறு. பேரிங் தேய்ந்திருந்தது. கப்ளிங்கில் நேர்க்கோடும் விலகியிருந்தது, பேரிங்கைத் தின்றது அதுதான்.

இனி என்ன போடுவது? விவாதம் நீண்டது. பேரிங்கை மாற்றி, நேர்க்கோடு பிடித்து, மறுபடி சீலே போடலாம் என்றார் ஒருவர். முடியாதது இல்லை. இரண்டு முகமும் சிலிக்கான் கார்பைடாக இருக்கும் சீலை வாங்கி, வெளியிலிருந்து சுத்தமான தண்ணீரைச் சீலுக்குள் செலுத்தினால் மணல் தண்ணீரிலும் ஓடும். ஆனால் அது விலை அதிகம். கெட்டால் பம்ப்பைப் பிரித்து, இம்பெல்லரைக் கழற்றித்தான் மாற்ற முடியும், ஒரு ஷிஃப்டு போய்விடும். கயிறோ பம்ப்பைப் பிரிக்காமலே, ஆபரேட்டர் கையால், ஒரு மணி நேரத்தில் மாறிவிடும். இன்னொன்றையும் நான் பெரிதாக நினைக்கிறேன். கயிறு கெடும்போது சொட்டு கூடி, நூலாகி, நாள்கணக்கில் சொல்லிவிட்டுக் கெடும். சீல் பெரும்பாலும் சொல்லாமல் போகும். இருபத்து நாலு மணி நேரமும் ஆள் இருக்கிற, மணல் வருகிற, நிறுத்த முடியாத பம்ப்புக்குக் கயிறுதான் என்று வாதிட்டேன். ஒப்புக்கொண்டார்கள்.

ஒரு திருத்தம் மட்டும் அவசியமாக இருந்தது. ஸ்டஃபிங் பாக்ஸின் நடுவில், கயிறுகளுக்கு இடையில், துளைகள் போட்ட ஓர் உலோக வளையம் இருக்கும். லேன்டர்ன் ரிங் என்பார்கள். அதன் வழியாகத்தான் உயவுத் தண்ணீர் உள்ளே போகிறது. இந்தப் பம்ப்பில் அந்தத் தண்ணீர் பம்ப்பின் வெளிவாய்க் குழாயிலிருந்தே வந்தது, மணலோடு. முதல் ஸ்லீவை உழுதது அதுவும்தான். சுத்திகரித்த தண்ணீரின் குழாயிலிருந்து ஒரு தனி லைன் இழுத்தோம், பாக்ஸுக்குள் இருக்கும் அழுத்தத்தைவிட ஒரு கிலோ கூடுதலாக. குறைந்தால் மணல் தண்ணீர் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

கயிறு போடுவதிலும் பதற்றம் கூடாது. ஸ்லீவின் விட்டம் 60 மில்லிமீட்டர், பாக்ஸின் விட்டம் 84. வித்தியாசத்தில் பாதி 12, அதுதான் கயிற்றின் அளவு. ஸ்லீவின் அதே விட்டமுள்ள ஒரு குழாயில் சுற்றி ஒவ்வொரு வளையமாக வெட்டினோம். ஒவ்வொன்றையும் தனித்தனியே உள்ளே தள்ளி உட்கார வைத்தோம். ஒரு வளையத்தின் வெட்டுவாய் மேலே என்றால் அடுத்ததன் வெட்டுவாய் கால் சுற்று தள்ளி. லேன்டர்ன் ரிங் தண்ணீர்த் துளைக்கு நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். நட்டைக் கையால் மட்டும் முடுக்கிப் பம்ப்பைப் போட்டோம். முதலில் தாராளமாக ஒழுகியது, ஒழுக விட்டோம். கால் மணி நேரம் கழித்து நட்டின் ஆறு முகத்தில் ஒரு முகம் அளவு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. பிறகு பத்து நிமிடம் சும்மா இருத்தல். மறுபடி ஒரு முகம். நிமிடத்துக்கு 50 சொட்டுக்கு வர மதியம் ஆகிவிட்டது. கிளாண்டின் மேல் உள்ளங்கையை வைத்தால் வெதுவெதுப்புதான், சுடவில்லை.

அதே வளாகத்தில், சுத்திகரித்த தண்ணீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் இரண்டு சிறிய பம்ப்புகள் தானியங்கி, இரவில் பக்கத்தில் ஆள் கிடையாது. அவற்றுக்கு மெக்கானிக்கல் சீலையே பரிந்துரைத்தேன். மணல் இல்லை, யாரும் சொட்டு எண்ணப் போவதில்லை. கீழ்த்தொட்டி காலியானால் பம்ப் நின்றுவிட ஒரு மிதவை ஸ்விட்ச் மட்டும் கட்டாயம் என்றேன், ஏனென்றால் தண்ணீர் இல்லாமல் ஓடும் சீல் நிமிடக்கணக்கில் வெந்துவிடும். நம் வீடுகளில் சம்ப்பிலிருந்து மேலே ஏற்றும் மோனோபிளாக் மோட்டாரிலும் இதே சீல்தான் இருக்கிறது. பம்ப்புக்கும் மோட்டாருக்கும் நடுவில் அடியில் உள்ள இடைவெளியிலிருந்து தண்ணீர் விழுந்தால் அதை இறுக்குவதற்கு நட்டு எதுவும் கிடையாது, சீலைத்தான் மாற்ற வேண்டும். தள்ளிப்போட்டால் தண்ணீர் பேரிங்குக்குள் போய், காயில் வரைக்கும் எட்டிவிடும்.

கிணற்று மேட்டில் வைத்து, கீழிருந்து உறிஞ்சுகிற கயிறு போட்ட பம்ப்புகளுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. அங்கே பாக்ஸுக்குள் வெற்றிடம் இருக்கலாம். தேய்ந்த கயிறு வழியாகத் தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும். சொட்டே இல்லை, ஆனால் தண்ணீர் விட்டுவிட்டு வருகிறது என்றால், ஓடும் பம்ப்பின் கிளாண்ட் அருகே ஊதுவத்தியைக் காட்டிப் பாருங்கள், கையும் துணியும் ஷாஃப்டில் படாத தூரத்திலிருந்து. புகை உள்ளே இழுபட்டால் ஃபுட்வால்வைத் தேடிக் கிணற்றில் இறங்க வேண்டியதில்லை.

மூன்றாம் நம்பருக்கு இப்போது லாக் புத்தகத்தில் ஒரு பத்தி கூடியிருக்கிறது. ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஆபரேட்டர் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் சொட்டு எண்ணி எழுதுகிறார். ஆற்றில் புதுவெள்ளம் வந்த வாரம் 52 என்றிருந்தது 70 ஆனது. அவர் நட்டைத் தொடவில்லை. உயவுத் தண்ணீர் லைனின் அழுத்தமானியைப் பார்த்தார், இறங்கியிருந்தது. வழியில் இருந்த ஃபில்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினார். அடுத்த ஷிஃப்டில் 55 என்று எழுதியிருந்தார்.