ஒட்டாமல் ஒட்டும் இரண்டு கால்கள்

ஆப்-ஆம்ப் பாடத்தில் மாணவர்கள் முதலில் மனப்பாடம் செய்வது இரண்டு விதிகளை. உள்ளீட்டுக் கால்கள் இரண்டும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும். அந்தக் கால்களுக்குள் மின்னோட்டம் போகாது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டுவிடலாம். விடையும் சரியாக வரும். கொஞ்சம் யோசிக்கிற மாணவருக்குத்தான் அதன்பிறகு தூக்கம் போகும்.

அவர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு ஒரே ஒரு சுற்றை வைத்துப் பதில் சொல்லிப் பார்க்கலாம். 1968-இல் ஃபேர்சைல்ட் நிறுவனம் வெளியிட்டு, இன்றும் கல்லூரி ஆய்வகங்களில் கிடைக்கும் 741 என்ற எட்டுக்கால் சில்லை எடுத்துக்கொள்வோம். 2-ஆம் கால் கழித்தல் உள்ளீடு, 3-ஆம் கால் கூட்டல் உள்ளீடு, 6-ஆம் கால் வெளியீடு. மின்வழங்கல் கூட்டல் 15 வோல்ட், கழித்தல் 15 வோல்ட். 3-ஆம் காலைத் தரையோடு சேர்த்துவிடுவோம். நாம் தரும் 0.5 வோல்ட் ஒரு 10 கிலோ ஓம் மின்தடை வழியாக 2-ஆம் காலுக்கு வருகிறது. 6-ஆம் காலிலிருந்து 100 கிலோ ஓம் மின்தடை ஒன்று அதே 2-ஆம் காலுக்குத் திரும்புகிறது. இந்தத் திரும்பும் பாதைதான் பின்னூட்டம். வெளியீடு கழித்தல் 5 வோல்ட்.

கேள்வி: சில்லு இரண்டு உள்ளீடுகளின் வித்தியாசத்தைத்தானே பெருக்குகிறது? இரண்டும் ஒரே அளவு என்றால் வித்தியாசம் பூஜ்யம். பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அப்புறம் 5 வோல்ட் எங்கிருந்து வந்தது?

நியாயமான சந்தேகம். வித்தியாசம் உண்மையில் பூஜ்யம் இல்லை. 741-இன் பெருக்கம் சுமார் 2 லட்சம் மடங்கு. 5 வோல்ட்டை 2 லட்சத்தால் வகுத்தால் 25 மைக்ரோவோல்ட். 2-ஆம் கால் தரையைவிட அவ்வளவுதான் உயர்ந்திருக்கிறது. 0.5 வோல்ட்டுக்கு முன்னால் இது இருபதாயிரத்தில் ஒரு பங்கு, கணக்கில் விட்டுவிடலாம். பெருக்கம் முடிவிலி என்று பாடநூல் சொல்வது இப்படி விட்டுவிடுவதற்கான அனுமதிதான்.

இந்த நிலைக்குச் சுற்று எப்படி வந்து சேர்கிறது என்பதைப் பார்த்தால் விஷயம் தெளியும். 0.5 வோல்ட்டைக் கொடுத்த கணத்தில் வெளியீடு இன்னும் பூஜ்யத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மின்தடைகளுக்கும் நடுவில் இருக்கும் 2-ஆம் கால் அப்போது 0.45 வோல்ட்டுக்கு ஏறிவிடும். அது கழித்தல் உள்ளீடு என்பதால் வெளியீடு கீழே இறங்கத் தொடங்கும். இறங்கும்போதே 100 கிலோ ஓம் வழியாக 2-ஆம் காலையும் கீழே இழுக்கும். கழித்தல் 5 வோல்ட்டைத் தாண்டி இறங்கினால் 2-ஆம் கால் தரைக்குக் கீழே போய்விடும். உடனே வெளியீடு மேலே திரும்பும். ஆகவே கழித்தல் 5-ஐ ஒட்டியே அது நின்றாக வேண்டும்.

மளிகைக் கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். முள் நடுவில் நிற்கிறது என்பதால் தட்டு காலி என்று யாரும் சொல்வதில்லை. முள் நடுவுக்கு வரும்வரை கடைக்காரர் எடைக்கல் வைத்திருக்கிறார். இங்கே முள், உள்ளீடுகளின் வித்தியாசம். எடைக்கல், வெளியீடு.

பத்து மடங்குக்காக 2 லட்சம் மடங்கு பெருக்கியை வைப்பது வீண் செலவாகத் தோன்றலாம். 1927 ஆகஸ்ட் 2 அன்று, பெல் ஆய்வகத்துக்கு வேலைக்குப் போக ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்துகொண்டிருந்த ஹெரால்ட் பிளாக், கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் தாளிலேயே இந்த யோசனையைக் குறித்துக்கொண்டார். பெருக்கத்தை வேண்டுமென்றே இழந்தால் துல்லியம் கிடைக்கும். நம் சில்லின் பெருக்கம் 2 லட்சத்திலிருந்து பாதியாகக் குறைந்தாலும் வெளியீடு மாறுவது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பத்து மடங்கு என்பதை இரண்டு மின்தடைகளின் விகிதமே முடிவு செய்கிறது.

கேள்வி: ‘விர்ச்சுவல் ஷார்ட்’ என்கிறார்கள். ஷார்ட் என்றால் மின்னோட்டம் பாய வேண்டாமா?

கம்பியால் இணைத்திருந்தால் பாயும். இங்கே மின்னழுத்தம் மட்டும் சமம், வழி கிடையாது. 10 கிலோ ஓம் மின்தடையில் 50 மைக்ரோஆம்பியர் வருகிறது. சில்லுக்குள் போக இடமில்லாததால் அது அப்படியே 100 கிலோ ஓமுக்குத் திரும்புகிறது. அங்கே 5 வோல்ட் இறக்கம் ஏற்படுகிறது. 2-ஆம் கால் பூஜ்யத்தில் இருப்பதால் மறுமுனை கழித்தல் 5. கணக்கு இவ்வளவுதான்.

நிஜச் சில்லு சிறிது குடிக்கவே செய்யும். 741-இன் உள்ளீட்டுக் காலுக்கு 80 நானோஆம்பியர் அளவில் மின்னோட்டம் தேவை. நம் 50 மைக்ரோஆம்பியரில் அது அறுநூறில் ஒரு பங்குகூட இல்லை. 100 கிலோ ஓமில் அது உண்டாக்கும் பிழை 8 மில்லிவோல்ட். ஆனால் விகிதம்தானே முக்கியம் என்று 1 மெகா ஓமும் 10 மெகா ஓமும் போட்டால், அதே 80 நானோஆம்பியர் வெளியீட்டை 0.8 வோல்ட் நகர்த்திவிடும். தாளில் இரண்டு சுற்றுக்கும் ஒரே விடை. மேசையில் அப்படி இல்லை.

கேள்வி: அப்படியானால் இந்த விதிகளை எப்போது நம்பலாம்?

பலரும் சறுக்குகிற இடம் இது. விர்ச்சுவல் ஷார்ட் சில்லோடு கூடப் பிறந்த குணம் இல்லை. பின்னூட்டம் உழைத்துப் பெற்றுத் தருவது. உழைக்க முடியாத நிலைமை வந்தால் அதுவும் போய்விடும்.

உள்ளீட்டை 2 வோல்ட் ஆக்கிப் பாருங்கள். விதிப்படி கழித்தல் 20 வோல்ட் வர வேண்டும். வழங்கலே 15 என்பதால் வெளியீடு கழித்தல் 14-இல் போய் முட்டி நின்றுவிடும். அப்போது மல்டிமீட்டரை 2-ஆம் காலில் வைத்தால் 0.55 வோல்ட் காட்டும். முள் நடுவுக்கு வரவில்லை; கடைக்காரரிடம் கல் தீர்ந்துவிட்டது. ஓர் ஆப்-ஆம்ப் சுற்று ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க நான் முதலில் தொடுவது வெளியீட்டை அல்ல, இரண்டு உள்ளீட்டுக் கால்களைத்தான். அவற்றிடையே சில மில்லிவோல்ட்டுக்கு மேல் இருந்தால் பின்னூட்டம் தோற்றிருக்கிறது என்று பொருள்.

இன்னொரு விபத்து, 2-ஆம் காலையும் 3-ஆம் காலையும் மாற்றிப் போட்டுவிடுவது. வேடிக்கை என்னவென்றால், விதிகளை இயந்திரத்தனமாகப் போட்டால் இங்கேயும் கழித்தல் 5 என்றே விடை வரும். மின்தடைகளுக்கு எது கூட்டல், எது கழித்தல் என்று தெரியாதல்லவா. ஆனால் இப்போது வெளியீடு கொஞ்சம் ஏறினால் உள்ளீடும் ஏறி, அதை இன்னும் ஏற்றும். வெளியீடு ஏதாவது ஓர் எல்லையில் ஒட்டிக்கொள்ளும். 0.5 வோல்ட் உள்ளீட்டோடு அது கூட்டல் 14-இல் ஒட்டினால் 3-ஆம் காலில் 1.7 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். எனவே கணக்கைத் தொடங்குமுன் பின்னூட்டம் கழித்தல் காலுக்குத்தான் போகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எல்லாம் சரியாக இருந்தும் மீட்டர் 25 மைக்ரோவோல்ட் காட்டவில்லை. ஒரு மில்லிவோல்ட் காட்டுகிறதே?

அது ஆஃப்செட். உள்ளீட்டில் இருக்கும் இரண்டு டிரான்சிஸ்டர்களும் அச்சு அசல் ஒரே மாதிரி அமைவதில்லை. தராசின் தட்டுகள் காலியாக இருக்கும்போதே முள் சற்றுச் சாய்ந்திருப்பது போன்றது. 741-இல் ஒரு மில்லிவோல்ட் சாதாரணம். நம் சுற்றில் அது 11 மடங்காகி வெளியீட்டில் 11 மில்லிவோல்ட்டாகத் தெரியும்.

மாறும் சமிக்ஞை என்றால் நிலைமை வேறு. 2 லட்சம் மடங்கு என்பது நேர்மின்னோட்டத்துக்கும் மிக மெதுவான அலைகளுக்கும் மட்டுமே. அதிர்வெண் ஏற ஏறப் பெருக்கம் அதே விகிதத்தில் தேயும். 10 கிலோஹெர்ட்ஸில் 741-இடம் மிஞ்சுவது சுமார் 100 மடங்கு. வெளியீட்டில் 5 வோல்ட் உச்சம் வேண்டுமென்றால் 2-ஆம் காலில் 50 மில்லிவோல்ட் ஆடும். ஆசிலோஸ்கோப்பில் கண்ணுக்கே தெரியும். 100 கிலோஹெர்ட்ஸில் சில்லின் சொந்தப் பெருக்கமே 10 மடங்குதான். பத்து மடங்கு கேட்கும் நம் சுற்றுக்கு அங்கே எடைக்கல் எதுவும் மிச்சமில்லை.